கிளினிக் தேதி மாறினால்: போனில் வந்த செய்தியை முழுசாக வாசிப்போம்

இப்போதெல்லாம் கிளினிக் தேதி மாறினால் செய்தி போனுக்குத்தான் வருகிறது. ஆனால் அந்தப் போன் பெரும்பாலும் நோயாளியின் கையில் இருப்பதில்லை. கிளினிக்கில் பதியும்போது மகனுடைய நம்பரைக் கொடுத்திருப்போம். மகன் கொழும்பில் கடையில் நிற்பான். அவன் செய்தியைப் பார்த்து, திரையை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுத்து லயத்துக்கு அனுப்பிவிடுவான். "அனுப்பிட்டேன்தானே" என்று அவனுக்கு வேலை முடிந்துவிடும். இங்கே நமக்குத்தான் வேலை ஆரம்பம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். மாமியாருக்கு வயது ஐம்பத்தெட்டு, சீனி வருத்தமும் பிரசரும் உண்டு. மருமகள் கொழுந்து எடுப்பவர். 2025 மே கடைசியில் மருமகளின் போனுக்கு வந்த படத்தில் இருந்தது இவ்வளவுதான்:

```
Medical Clinic
Your clinic on 05/06 is changed to 12/06 (Thu).
Report 7.00 am. FBS + Lipid Profile.
Fasting 10-12 hrs. Water allowed.
Bring: Clinic book, NIC, old reports... Read more
```

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வாசித்துச் சொன்னது: "ஆச்சிக்கு கிளினிக் மாறிடுச்சு. பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. சாப்பிடாம போகணும்." வாசித்ததில் பிழை இல்லை. 12/06 என்றால் முதலில் நாள், பிறகு மாதம். அதாவது ஜூன் 12. பக்கத்தில் கிழமையும் போட்டிருப்பதால் கலண்டரில் ஒத்துப் பார்க்கலாம். கிழமையும் தேதியும் ஒத்துவராவிட்டால் ஒன்று பிழை என்று அர்த்தம். அப்போது கேட்காமல் போகவே கூடாது.

ஆனால் கடைசி வரியைப் பாருங்கள். மூன்று புள்ளி, அதற்குப் பக்கத்தில் Read more. செய்தி அங்கே முடியவில்லை. நீளமான செய்தியை வட்ஸ்அப் பாதியில் மடித்து வைக்கும். அந்த எழுத்தைத் தொட்டால்தான் மிச்சம் விரியும். மகன் தொடாமலே படம் எடுத்துவிட்டான். நம்மிடம் இருப்பது வெறும் படம், அதை நாம் எத்தனை தரம் தொட்டாலும் விரியாது. மருமகள் கெட்டிக்காரி. அன்று இரவே புருஷனுக்குக் கோல் எடுத்து, "படம் வேணாங்க, அந்த மெசேஜையே அனுப்புங்க" என்றார். வந்த மிச்சம் இது:

```
...and all medicines in use.
Do not take diabetes tablets or insulin
before blood is taken. Bring them with food.
```

தமிழில் சொன்னால்: பாவிக்கிற மருந்து எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். இரத்தம் எடுக்கும் முன் சீனி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கக் கூடாது. அவற்றைச் சாப்பாட்டோடு கொண்டுவர வேண்டும். மடிந்து கிடந்த இந்த வரிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வெறும் வயிற்றில் இன்சுலினோ சில சீனி மாத்திரையோ எடுத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். அப்படி வந்தால் இரத்தப் பரிசோதனையை நினைத்துப் பொறுத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுத்து, தாதியைக் கூப்பிட வேண்டும். பரிசோதனையை இன்னொரு நாள் செய்யலாம்.

பிரசர் மாத்திரையைப் பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை. அநேகம் பேருக்கு அதை வழமைபோல் ஒரு வாய்த் தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள். ஆனாலும் உங்கள் கிளினிக் கொப்பியைத் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி, சாப்பிடாமல் இருப்பது. பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலம் என்றால் முதல் நாள் மத்தியானத்தோடு நிறுத்துவதல்ல. சிலர் "ரத்தம் எடுக்கணும்" என்று இரவும் பட்டினி கிடக்கிறார்கள். அது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் இரத்தம் எடுக்க ஏழரை, எட்டரை ஆகலாம். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்தால் கணக்குச் சரி. அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும். விடியற்காலைத் தேத்தண்ணிதான் நம்மவர்களுக்குச் சிரமம். சீனி போடாத வெறுந்தேத்தண்ணியும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். மறந்து குடித்துவிட்டால் மறைக்காமல் இரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். மறைத்தால் பிழையான அளவைப் பார்த்து டொக்டர் மருந்தைக் கூட்டிவிடக் கூடும்.

செய்தியில் எங்கும் எழுதியிராத ஒரு விஷயமும் உண்டு. தேதி ஒரு கிழமை தள்ளிப் போனது, மாத்திரை தள்ளிப் போகவில்லை. அந்த அம்மாவுக்கு மே 8ஆம் தேதி 28 நாளைக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். அது ஜூன் 4ஆம் தேதியோடு முடிகிறது. 5ஆம் தேதி கிளினிக் என்றால் சரியாக இருந்திருக்கும். 12ஆம் தேதி என்றால் நடுவில் ஏழு நாள் வெறுமை. காலையும் இரவும் போடும் சீனி மாத்திரையில் 14, பிரசர் மாத்திரையில் 7 குறைகிறது. மாமியார் சொன்ன யோசனை, "இருக்கிறத பாதி பாதியா போட்டுக்கிறேன், ஒரு கிழமதானே" என்பது. பாதி மாத்திரையில் சீனி கட்டுப்படாது. அதோடு, 12ஆம் தேதி எடுக்கும் இரத்தமும் அந்த ஏறின சீனியைத்தான் காட்டும், வழமையான மருந்தின் பலனைக் காட்டாது.

மருமகள் டப்பாவைக் கொட்டி எண்ணிப் பார்த்தார். பிறகு கிளினிக் கொப்பியோடு டிஸ்பென்சரிக்குப் போய்க் கேட்டார். அங்கே அந்த மாத்திரை இருக்கவில்லை. பழைய தேதியான 5ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது அனுப்பி, கொப்பியையும் இந்தச் செய்தியையும் காட்டி மருந்து மட்டும் கேட்கும்படி சொன்னார்கள். அடுத்த லயத்துப் பையன் பஸ்ஸில் போய் ஏழு நாளைக்கு வாங்கி வந்தான். மாத்திரை முடிந்த பிறகு ஓடுவதை விட, செய்தி வந்த அன்றே எண்ணுவதுதான் புத்தி.

12ஆம் தேதிக்கான ஏற்பாடு இப்படி அமைந்தது. ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், லயத்திலிருந்து றோட்டுக்கு இறங்க இருபது நிமிடம். ஆகவே ஐந்தரைக்குப் புறப்பாடு. வெறும் வயிற்றோடு வயதானவரைத் தனியே அனுப்ப முடியாது. மருமகள் புதன்கிழமையே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். சின்னவளைப் பிள்ளைக்காம்பராவில் விடும் பொறுப்பு பக்கத்து வீட்டு அக்காவுக்கு. இரவே ஒரு பையில் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பழைய ரிப்போட்டுகள், மாத்திரைகள் உறையோடு, இரண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல், தண்ணீர்ப் போத்தல், சின்னச் சரையில் சீனி எல்லாம் போய்விட்டன. மாத்திரையை உறையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனால் எது எதுவென்று அங்கே யாருக்கும் விளங்காது.

எட்டேகாலுக்கு இரத்தம் எடுத்தார்கள். எடுத்தவுடன் ரொட்டியும் சீனி மாத்திரையும். பிறகு டொக்டரைப் பார்த்து, மருந்து எடுத்து, வீடு வரும்போது மத்தியானம் இரண்டு மணி. மருமகளுக்கு அன்றைய பேர் போனது போனதுதான். பிழையான தேதியில் போயிருந்தால் இரண்டு பேர் போயிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். "Tomorrow no clinic" என்று மட்டும் எழுதின படம் ஒன்று அண்மையில் பல போன்களுக்குச் சுற்றி வந்தது. எந்த நாளைக்கு நாளை? படத்தின் மேலே Today என்று இருந்தால் அது படம் எடுத்தவரின் இன்று, உங்களுடைய இன்று அல்ல. உச்சியில் தெரியும் மணியும் படம் எடுத்த நேரம்தான். அப்படிப்பட்ட படம் வந்தால், எந்தக் கிளினிக், எந்தத் தேதி என்று அனுப்பினவரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் கொப்பியில் எழுதியிருக்கும் தேதிக்கே போங்கள்.