நாலு டிக்கெட், ஒரு காம்போ: பில்லில் எது ஏறுகிறது?

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். சென்னை மல்டிபிளெக்ஸ் ஒன்றில் ஞாயிறு மாலைக் காட்சி. வரியோடு சேர்த்து டிக்கெட் 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 760. பலரும் மனதில் போட்டுக்கொண்டு கிளம்பும் கணக்கு இதுதான்.

ஆன்லைனில் புக் செய்தால் 'கன்வீனியன்ஸ் ஃபீ' சேரும். பணம் கட்டுகிற கடைசித் திரையில்தான் அது பெரும்பாலும் கண்ணில் படும். டிக்கெட்டுக்கு 30 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5.40 என்றால், ஒரு டிக்கெட்டுக்கு 35.40. நாலு பேரும் ஒரே தடவையில்தான் புக் செய்கிறோம், ஒரே தடவைதான் பணம் கட்டுகிறோம். ஆனாலும் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கப்படுகிறது. ஆக 141.60 ரூபாய். முக்கால் டிக்கெட்டின் விலை! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. புதுப்படம் வந்த முதல் வாரம் சீட் உறுதியாக வேண்டுமென்றால் வேறு வழியில்லை. கூட்டம் குறைந்த பிறகு, தியேட்டர் பக்கத்தில்தான் வீடு என்றால், கவுன்டரில் வாங்கினால் அந்தப் பணம் அப்படியே மிச்சம்.

அடுத்தது இடைவேளை. பலகையில் பெரிய பாப்கார்ன் 300, சின்னது 180, குளிர்பானம் 140, நாச்சோஸ் 200 என்று இருக்கிறது. பெரிய பாப்கார்ன், இரண்டு குளிர்பானம், நாச்சோஸ் சேர்ந்த காம்போ 650. தனித்தனியாக வாங்கினால் 780 ஆகும், எனவே 130 ரூபாய் லாபம் என்கிறது பலகை. கூட்டல் சரிதான். ஆனால் காம்போ இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்ன வாங்கியிருக்கும்? இரண்டு சின்ன பாப்கார்னும் ஒரு குளிர்பானமும் போதுமென்றால் 500 ரூபாயில் முடிந்திருக்கும். அவர்களுக்குக் காம்போ 150 ரூபாய் கூடுதல் செலவு. பெரிய பாப்கார்னும் இரண்டு குளிர்பானமும் எப்படியும் வாங்குகிறவர்களுக்கோ 580 ஆகியிருக்கும். இன்னும் 70 ரூபாயில் நாச்சோஸ் கிடைக்கிறது. பிள்ளைகள் அதைச் சாப்பிடுவார்கள் என்றால் வாங்கலாம். வரிசையில் நிற்கும்போதே யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகு காம்போ விலையைப் பார்ப்பதுதான் சரியான முறை.

பலகை விலையில் வரி அடங்கியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தியேட்டரில் தனியாக விற்கும் தின்பண்டத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அது தனி என்றால் 650 ரூபாய் காம்போ 682.50 ஆகும்.

ஆன்லைன் டிக்கெட்டும் காம்போவும் சேர்ந்தால் மொத்தம் 1,584 ரூபாய். கவுன்டர் டிக்கெட், வேண்டியதை மட்டும் தனியாக வாங்குவது என்றால் வரியோடு 1,285. வித்தியாசம் 299 ரூபாய்.

தாகத்துக்காக மட்டும் குளிர்பானம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தகவல். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சொன்ன உச்ச நீதிமன்றம், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுபோகவும் தடையில்லை. தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே நுழைந்ததும் ஊழியரிடம் கேளுங்கள்.