காட்சி கலையாமல் பாணி மாற்ற

தெருமுனைத் தேநீர்க் கடையின் புகைப்படம் ஒன்று. இடப்பக்கம் வேப்பமரம், நடுவில் கடை, வலது ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் ஒருவர். இதை நீர்வண்ண ஓவியமாக்க வேண்டும். ஆனால் மரமும் கடையும் ஆளும் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மென்பொருள்களில் இதைப் பெருமளவு தீர்மானிப்பது ஓர் எண். திரையில் Denoising strength என்றோ, strength என்றோ இருக்கும். 0 முதல் 1 வரை வைக்கலாம்.

மென்பொருள் முதலில் நம் படத்தின்மேல் இரைச்சலைத் தூவுகிறது. பிறகு நாம் எழுதிக் கொடுத்த வர்ணனைக்கு ஏற்ப அதைப் படிப்படியாக நீக்குகிறது. எவ்வளவு தூவுவது என்பதைச் சொல்வதே அந்த எண். மொத்தம் 30 படிகள் என வைத்து 0.5 கொடுத்தால், பொதுவாகக் கடைசி 15 படிகள் மட்டுமே நடக்கும். இரைச்சல் கூடும்போது முதலில் மறைவது இலை, சுவரின் சொரசொரப்பு, முகம் போன்ற நுணுக்கங்கள். பெரிய உருவங்களும் வெளிச்சம், நிழல் பரப்புகளும் கடைசியில்தான் மறையும். தூரிகைத் தடமும் வண்ணக் கசிவும் நுணுக்கத்தில் இருப்பவை. எது எங்கே நிற்கிறது என்பது பெரிய உருவங்களில் இருப்பது. நுணுக்கம் மறைந்து, பெரிய உருவம் மறையாத அந்த இடைப்பகுதிதான் நமக்கு வேண்டியது.

தேநீர்க் கடைக்கு 0.3 கொடுத்தால் நிறம் சற்று மாறும். ஆனால் உற்றுப் பார்த்தால் அது புகைப்படம்தான் என்று தெரியும். 0.5 அருகே வண்ணம் கசியத் தொடங்கும். கூரையும் மரமும் அப்படியே நிற்கும். 0.75 தாண்டினால் சைக்கிள் இடம் மாறலாம், பக்கத்தில் இன்னொருவர் முளைக்கலாம். இந்த எல்லைகள் மாதிரிக்கு மாதிரி மாறும். அசல் படத்திலிருந்து வெகுதூரம் விலகிய பாணிக்கு, உதாரணமாக மரச்செதுக்கு அச்சுக்கு, எண்ணைக் கூட்டத்தான் வேண்டும்.

ஒப்பிடும்போது Seed எண்ணை மாற்றாமல் வையுங்கள். இல்லையென்றால் மாறியது எதனால் என்று தெரியாது. வர்ணனையில் பாணியை மட்டும் எழுதாமல் மரம், கடை, ஆள், சைக்கிள் எல்லாவற்றையும் எழுதுங்கள். இரைச்சல் மறைத்த இடத்தை மென்பொருள் அந்த வர்ணனையைக் கொண்டே நிரப்புகிறது. முடிந்ததும் இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிக் காட்டினால், நகர்ந்த கூரை விளிம்பு உடனே கண்ணில் படும். தூரத்து ஆளின் முகம் படத்தில் சிறியது என்பதால் முதலில் கெடுவது அதுதான். அதை மட்டும் தனியே தெரிவுசெய்து திருத்துவது நல்லது.

பாணி பிடிக்கும் அளவுக்கு எண்ணை ஏற்றினால் அமைப்பு உடைகிறது என்றால், இந்த ஓர் எண்ணால் மட்டும் வேலை முடியாது. 2023இல் வந்த கன்ட்ரோல்நெட் அசல் படத்தின் விளிம்புக் கோடுகளையோ ஆழத்தையோ தனியே எடுத்து வழிகாட்டியாகத் தருகிறது. அதைச் சேர்த்தால் 0.8இலும் கடை பெரும்பாலும் தன் இடத்தில் நிற்கும். ஆனால் முதலில் அதைத் தேடாதீர்கள். 0.4இல் தொடங்கி 0.05 ஆகக் கூட்டிப் பாருங்கள்; பாணி தெளிவாகத் தெரிகிற முதல் எண்ணோடு நிறுத்திவிடுங்கள்.