விரல் பிசகா, கண் பிசகா?

இரவு எட்டரை மணிக்குக் கைப்பேசி ஒலிக்கிறது. திரையில் அன்றைய பத்தி. ஐந்து நிமிடக் கணக்கு ஓடத் தொடங்குகிறது. தமிழ் டைப்பிங் பழகுகிறவரை நாள் தவறாமல் உட்கார வைப்பதோடு நினைவூட்டியின் வேலை முடிந்துவிடும். எங்கே தடுமாறுகிறார் என்பதைக் காட்டுவது, ஞாயிறன்று வரும் வாராந்தர வரைபடம்.

அதற்கு முதலில் எதை எண்ணுவது என்று முடிவாக வேண்டும். ‘அம்மா’ என்பதில் எழுத்து மூன்று. கணினி அதை அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்தாகச் சேமிக்கிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிலோ நான்கே தட்டு. ‘ம’வை இரண்டு முறை அடித்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும். பிழையைக் கண்டுபிடிக்க எழுத்துக் கணக்கே வசதி.

ஓர் உதாரணம். நாளுக்கு 400 எழுத்து வீதம் வாரத்தில் 2,800 எழுத்து; பிழை 112. துல்லியம் 96 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நெடிலுக்குப் பதில் குறில் 42, ன–ண மாற்றம் 30, ள–ற மாற்றம் 28, மற்றவை 12.

தமிழ்99இல் ‘அ’ விசைக்கு மேல் வரிசையில் இருக்கிறது ‘ஆ’. இ–ஈ, உ–ஊ, எ–ஏ ஜோடிகளும் அப்படித்தான். விரல் மேலே ஏறாமல் நின்றதால் ‘பாடம்’ ‘படம்’ ஆகியிருக்கிறது. ள, ற இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். இரண்டையும் அடிப்பது வலது ஆள்காட்டி விரல். ஆக, இவையும் விரல் பிசகுதான்.

ன–ண கதை வேறு. ‘ன’வுக்கு நடுவிரல், ‘ண’வுக்குச் சுண்டுவிரல். நடுவே ‘ட’ இருக்கிறது. பத்தியில் ‘மணம்’ என்றிருக்க ‘மனம்’ என்று அடித்தவர், பெரும்பாலும் பத்தியைப் பார்க்காமல் மனதில் இருந்த சொல்லை அடித்திருக்கிறார். இதற்கு விரல் பயிற்சி உதவாது. நிதானமாகப் படித்து அடிக்க வேண்டும்.

வரைபடமும் ஏமாற்றக்கூடும். ஓர் எழுத்து விட்டுப்போனதும் அடுத்து வரும் எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால், செயலி எழுத்துகளை வரிசை எண்படி மட்டும் ஒப்பிடுகிறது என்று பொருள். சொல் சொல்லாக ஒப்பிட்டால் அது ஒரே பிழை. ஒரே பத்தியைத் தினமும் அடித்தால் மனப்பாடமே துல்லியத்தை ஏற்றிவிடும். அடித்ததை அழித்துத் திருத்தினால் பிழை கணக்கிலேயே வராது. ஆகவே அழிப்பு விசையை எத்தனை முறை தொட்டார் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

அடுத்த வாரப் பத்திகளில் கல்–கால், பட்டு–பாட்டு போன்ற ஜோடிகள் நிறைய இருக்கட்டும். 42 என்ற அந்தப் பட்டை எவ்வளவு இறங்கியது என்பது அடுத்த ஞாயிறு தெரிந்துவிடும்.