மைக்ரோமீட்டரில் ஒட்டியிருந்த தேதி

கோவைப் பக்கம் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறை. உதாரணத்துக்கு, இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். “ஐ.எஸ்.ஓ. 9001 இருந்தால்தான் அடுத்த ஆர்டர்” என்று வாங்கும் கம்பெனி சொல்லிவிட்டது. இனி என்ன நடக்கும்?

ஜெனிவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. விதிகளை எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆடிட் செய்து சான்றிதழ் தருபவை தனி நிறுவனங்கள். அவற்றின் தகுதியைச் சோதித்து அங்கீகாரம் தர இந்தியாவில் இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் என்.ஏ.பி.சி.பி. இருக்கிறது. ஆடிட்டே இல்லாமல் ஒரு வாரத்தில் சான்றிதழ் என்று யாராவது வந்தால், எந்த அமைப்பின் அங்கீகாரம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆடிட் இரண்டு கட்டம். இந்த அளவுப் பட்டறைக்கு இரண்டும் சேர்ந்து சுமார் மூன்று நாள்தான். முதல் கட்டம், பட்டறை தயாரா என்று பார்ப்பது. எந்தெந்த வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறீர்கள், தரக் கொள்கை என்ன, உங்களுக்குள்ளேயே ஒரு ஆடிட் நடத்தினீர்களா, முதலாளி உட்கார்ந்து அதன் முடிவுகளைப் பார்த்தாரா? குறை இருந்தால் இப்போதே சொல்லிவிடுவார்கள்; திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. பலர் சறுக்கும் இடம் பதிவேடு. மூன்று மாத இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு பக்கத்தில்கூட எண்ணெய்க் கறை இல்லை என்றால், நேற்று ராத்திரி எழுதியது என்பது ஆடிட்டருக்குத் தெரியாதா?

இரண்டாம் கட்டத்தில் அவர் பட்டறைக்குள் இறங்குகிறார். லேத் ஓட்டுபவரிடம் கடைந்து வைத்த ஒரு ஷாஃப்டைக் கேட்டு வாங்குகிறார். டிராயிங்கில் விட்டம் 20 மில்லிமீட்டர். அதற்கு மேல் போகக் கூடாது, 13 மைக்ரான் வரை குறையலாம்.

“இதை எதில அளந்தீங்க?”

“இந்த மைக்ரோமீட்டர்லதானுங்க சார். ஆறு வருசமா இதுதான்.”

அதில் ஒட்டியிருக்கும் காலிபரேஷன் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்க்கிறார். தேதி முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. குறித்துக்கொள்கிறார்.

மைக்ரோமீட்டரை லேபுக்கு அனுப்பிப் புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். தீராது. அந்த நாலு மாதத்தில் அளந்து அனுப்பிய ஷாஃப்டுகள் சரியா என்று விதி கேட்கிறது. லேப் ரிப்போர்ட்டில், கருவி 4 மைக்ரான் கூடுதலாகக் காட்டுகிறது என்று வந்தால்? ஒரு ஷாஃப்டை 19.988 என்று எழுதிப் பாஸ் செய்திருப்பார்கள். உண்மையில் அது 19.984. டிராயிங் அனுமதிக்கும் கீழ் எல்லை 19.987. பேரிங் லூசாக உட்காரும். ஆக, பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டி, கீழ் எல்லையை ஒட்டி நின்ற லாட்டுகளைத் தேட வேண்டும். தேவைப்பட்டால் வாங்கியவருக்கும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, தேதி ஏன் தவறியது என்ற கேள்வி. சூப்பர்வைசர் மாறியபோது காலிபரேஷன் பட்டியலை யாரும் கைமாற்றவில்லை என்பது காரணமானால், அந்தக் கைமாற்றத்தைச் சரிசெய்வதுதான் திருத்தம். ஆடிட்டர் தேடுவது இதைத்தான். “ஊழியருக்கு அறிவுரை கூறப்பட்டது” என்று எழுதித் தருபவர்களிடம் அவர் திரும்பவும் கேட்பார்.

ஒரு கருவி தவறியது என்றால் பொதுவாக ‘மைனர்’. எப்படித் திருத்துவீர்கள் என்ற திட்டத்தை ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் கிடைக்கும். செய்தீர்களா என்பதை அடுத்த ஆடிட்டில் பார்ப்பார்கள். பட்டறையில் காலிபரேஷன் என்ற பழக்கமே இல்லை என்றால் அது ‘மேஜர்’. திருத்தியதை நேரில் அல்லது ஆதாரத்தோடு சரிபார்க்காமல் சான்றிதழ் கிடையாது. ஆறு மாதத்துக்குள் அது நடக்காவிட்டால் இரண்டாம் கட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டும். ஆடிட்டர் பரிந்துரைதான் செய்வார். முடிவெடுப்பவர் அந்த ஆடிட்டில் இல்லாத வேறொருவர்.

சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். 2025 மார்ச் 10-இல் முடிவானால் 2028 மார்ச் 9 வரை. ஆனால் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. முதல் கண்காணிப்பு ஆடிட் பன்னிரண்டு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். அதற்கடுத்த வருடம் இன்னொன்று. நம் பட்டறைக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நாள். வரவிடாமல் தள்ளிப்போட்டால் சான்றிதழை நிறுத்திவைப்பார்கள், பிறகு ரத்து. மூன்றாம் வருடம், காலாவதிக்கு முன்பே மறுசான்றிதழ் ஆடிட் முடிந்து, அதில் வந்த மேஜர்களும் தீர்ந்திருக்க வேண்டும். அதனால் கடைசி மாதம்வரை காத்திருப்பது ஆபத்து. தேதி தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்குள் மிச்ச வேலையை முடித்து மீட்கலாம். ஆனால் நடுவில் விட்டுப்போன நாட்களில் உங்களிடம் சான்றிதழ் இல்லை என்றுதான் கணக்கு.

இன்னொன்று: சான்றிதழ் முத்திரையை ஷாஃப்டின் மேலோ, அதன் அட்டைப்பெட்டியிலோ அச்சடிக்கக் கூடாது. சான்று பெற்றது பட்டறை வேலை செய்யும் முறை, ஷாஃப்ட் அல்ல.