பொங்கல் பானையும் ஐப்பசி மழையும்

தை பிறக்கும் வேளையில் மண்பானைக்கு ஏற்படும் தேவை திடீரென வருவதன்று, ஆண்டுதோறும் வருவதே. ஆயினும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் மகளிர் குழுக்களும் மார்கழி நெருங்கிய பின்னரே குயவரை நாடுகின்றன. நாம் அறிந்த பண்டகசாலையொன்று அவ்வாறே செய்தது. “நாளொன்றுக்கு எத்தனை பானை வனைவீர்கள்?” என்று அதன் நிர்வாகி டிசம்பர் 10ஆம் நாள் வினவினார். “நாற்பது” என்று விடை வந்தது. பதினைந்து நாளில் 600 பானைகள் என்று கணக்கிட்டு அவர் முன்பணமும் அளித்தார். பொங்கலுக்குக் கிடைத்தவையோ 180 பானைகளே.

குயவர் பொய்யுரைக்கவில்லை, கேள்விதான் பிழையானது. பானைத் தொழிலின் வேகத்தைச் சக்கரம் நிர்ணயிப்பதில்லை. உலர்த்தும் இடமே நிர்ணயிக்கிறது. ஈரம் முற்றும் நீங்காத பானையைச் சூளையில் அடுக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பானையை வெடிக்கச் செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலின்மையால் உலர்வதற்கு ஆகும் நாட்கள் இரட்டிப்பாகிவிடுகின்றன.

மேற்கூறிய குயவரின் கொட்டகையில் 200 பானைகளுக்கே இடமிருந்தது. அவற்றை வனைந்து தட்ட ஐந்து நாள், மழையில் உலர்த்தப் பன்னிரண்டு நாள், சூளையில் சுட்டு ஆறவைக்க மூன்று நாள், ஆக ஒரு சூளைக்கு இருபது நாட்கள். பத்துக்கு ஒன்று உடைபட, எஞ்சுபவை 180. ஆகவே 600 பானைகளுக்கு நான்கு சூளைகள், அதாவது எண்பது நாட்கள் தேவை. ஜனவரி 5ஆம் நாள் சரக்கு வந்துசேர வேண்டுமாயின், அக்டோபர் 17ஆம் நாளுக்குள், ஐப்பசி பிறக்கும் தறுவாயிலேயே, வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

எனவே ஆவணியிலேயே குயவரின் இல்லம் சென்று கேட்க வேண்டியவை இவை: கொட்டகையில் ஒருமுறை எத்தனை பானைகள் உலரும்? மழையில் எத்தனை நாள் ஆகும்? சூளையில் எத்தனை உடையும்? வேறு வியாபாரிகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டது எவ்வளவு? இறுதிக் கேள்வியை மறத்தலாகாது. பிறருக்கு உரியது போக மிஞ்சுவதே நமக்குக் கிடைக்கும்.

விடைகளைக் கண்ணாலும் சரிபார்க்கலாம். ஏரி நிரம்பிய பின் களிமண் எடுக்க இயலாது. ஆதலால் மழைக்கு முன்னரே மண் குவிக்கப்பட்டுள்ளதா, விறகும் வைக்கோலும் நனையாது மூடப்பட்டுள்ளனவா என்று காண்க. ஏரி மண்ணுக்கு உரிய அனுமதியைக் கோடையிலேயே பெற ஊராட்சி உறுப்பினர்கள் குயவருக்கு உதவுதல் நன்று.

சரக்கை ஒரே நாளில் கேளாது, சூளைதோறும் 150 பானைகளாகப் பெறுவதென எழுதிக்கொள்க. முதற்சூளை தாமதித்தால் நவம்பரிலேயே அது தெரிந்துவிடும். குறைவதை வேறு ஊர்க் குயவரிடம் பெற அப்பொழுது காலம் இருக்கும். மார்கழியில் தெரிந்தால் இராது.