வேட்டி வெள்ளையாக, வெற்றிலை பச்சையாக

வீட்டுக் கூடத்தில் நடக்கும் நிச்சயதார்த்தத்தை வீடியோ எடுத்தால் பெரும்பாலும் மூன்று வெளிச்சங்கள் கலந்து விழும். மேலே டியூப்லைட், பூஜை அலமாரிப் பக்கம் மஞ்சள் பல்பு, ஓரத்தில் திறந்த ஜன்னல். நேரில் இருந்தவர்களுக்கு அது உறுத்தியிருக்காது. கண்ணும் மூளையும் சேர்ந்து சமாளித்துவிடும். கேமராவோ முழு பிரேமுக்கும் ஒரே வெள்ளைக் கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் முகங்கள் காமாலை கண்டதுபோல மஞ்சளும் பச்சையுமாகப் பதிவாகிவிடுகின்றன.

மஞ்சளும் பச்சையும் ஒரே கோளாறு என்று நினைத்தால் திருத்தவே முடியாது. மஞ்சள் பல்பின் ஒளி சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம். இந்த மஞ்சள், நீல வித்தியாசத்தை எடிட்டிங் மென்பொருளில் Temp என்ற அளவுகோல் பார்த்துக்கொள்ளும். பச்சை வேறு இடத்திலிருந்து வருகிறது. டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரச ஆவி, பச்சைப் பகுதியில் 546 நானோமீட்டர் அருகே பலமான ஒளியை உமிழ்கிறது. மலிவான எல்இடி விளக்குகள் சிலவற்றிலும் பச்சை தூக்கலாக இருக்கும். Temp அளவுகோலை எவ்வளவு இழுத்தாலும் இந்தப் பச்சை போகாது. பச்சைக்கு எதிர் நிறம் மெஜந்தா. Tint அளவுகோலை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதைக் கண்ணை நம்பி முடிவுசெய்யக் கூடாது. கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே Parade என்ற வரைபடம் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எவ்வளவு உயரம் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பெண்ணின் அப்பா கட்டியிருக்கும் வேட்டி அதில் சிவப்பு 610, பச்சை 660, நீலம் 470 என்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். நீலம் பள்ளத்தில் கிடப்பதால் மஞ்சள். பச்சை சிவப்பைத் தாண்டி நிற்பதால் பச்சைச் சாயல். முதலில் Tint மூலம் பச்சையைச் சிவப்பின் உயரத்துக்கு இறக்கி, பிறகு Temp மூலம் நீலத்தை ஏற்ற வேண்டும். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கொஞ்சம் அசையும். மூன்றும் ஏறக்குறைய சமமாகும்வரை மாற்றி மாற்றிச் சரிபார்க்க வேண்டும்.

வேட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. முகத்தில் விழும் அதே வெளிச்சம் அதிலும் விழ வேண்டும். ஜன்னலோரம் நிற்பவரின் வேட்டியை வைத்து அளந்தால், டியூப்லைட்டுக்குக் கீழே இருக்கும் முகம் இன்னும் பச்சையாகும். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி உண்மையான வெள்ளையே இல்லை. அதை நம்பித் திருத்தினால் படம் மஞ்சளாகத்தான் நிற்கும். வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன துணியும் உதவாது, அங்கே மூன்று நிறங்களும் உச்சியில் முட்டி நின்று எந்தச் சாயலையும் காட்டாது.

அதனால் கடைசித் தீர்ப்பை முகத்திடமே விட வேண்டும். Vectorscope வரைபடத்தில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. சிவந்த நிறமோ கறுத்த நிறமோ, மனிதத் தோல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். முகத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால், பச்சை எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். மஞ்சள் பூசிய முகத்துக்கு இந்தச் சோதனை வேண்டாம். அது கோட்டைவிட்டு விலகித்தான் நிற்கும், அப்படியே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் தாடையோரத்தில் பச்சை தங்கியிருந்தால், படம் முழுவதும் பச்சையை வெளுக்கச் செய்வதுதான் பலரும் எடுக்கும் குறுக்கு வழி. நம் வீட்டு விசேஷத்தில் அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. தாம்பாளத்து வெற்றிலையும் வாசல் மாவிலையும் சாம்பலாகிவிடும். Qualifier கருவியால் தோலை மட்டும் தேர்ந்தெடுத்து, முகத்தைச் சுற்றி ஓரம் மங்கலாக ஒரு Window போட்டு, அதற்குள் மட்டும் பச்சையைக் குறைக்க வேண்டும். ஜன்னல் பக்கக் கன்னம் சற்று நீலமாகத் தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். பகல் வெளிச்சம் என்று பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பச்சைக் கன்னத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

எதைச் செய்தாலும் திரும்பாதவையும் உண்டு. தரம் குறைந்த விளக்கில் ஆழ்ந்த சிவப்பு ஒளி மிகக் குறைவு. அந்த வெளிச்சத்தில் அரக்குப் பட்டு பழுப்பாகப் பதிவாகியிருந்தால், பழைய சிவப்பை மென்பொருளால் மீட்க முடியாது. நீலத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் இருண்ட இடங்களில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் கிளம்பும். அது தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, லேசான மஞ்சளோடு விடுவதே நல்லது.

அடுத்த விசேஷத்தில் கேமராவை இயக்கும் முன் மஞ்சள் பல்பை அணையுங்கள். தானியங்கி ஒயிட் பேலன்ஸையும் நிறுத்தி, முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் அட்டை ஒன்றைப் பிடித்து அளவைப் பூட்டிவிடுங்கள்.