சனி, ஞாயிறு வேலை கேட்டு ஒரு கடிதம்

கொட்டகலையில் கடை வைத்திருக்கும் முதலாளிக்கு, உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் வார இறுதி விற்பனை வேலை கேட்டு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தில் எழுதக் கடினமான பகுதி சம்பளத்தைக் கேட்கும் இடம்தான். வரக்கூடிய நாள், நேரம், தெரிந்த வேலை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கூலி பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் முடித்துக்கொள்பவர்களே அதிகம்.

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே இருக்கும் இந்தச் சிறு நகரத்தின் வியாபாரம், சுற்றியுள்ள தோட்டங்களின் சம்பள நாளோடு பிணைந்தது. மாதத்தின் 10 ஆம் திகதியை ஒட்டித் தோட்டத்தில் சம்பளம் போட்டதும், அடுத்து வரும் சனி, ஞாயிறில் மளிகைக் கடையிலும் புடவைக் கடையிலும் கூட்டம் நிற்கும். தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்றால் சொல்லவே வேண்டாம். கூடுதலாக ஓர் ஆள் முதலாளிக்குத் தேவைப்படுவது இந்த நாட்களில்தான். ஆகவே "எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்று எழுதுவதைவிட, எந்த நாட்களில் கட்டாயம் வர முடியும் என்று எழுதும் மாணவரின் கடிதமே முதலாளிக்கு உதவும்.

வழக்கமாக இப்படியான வேலை வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். அப்பாவை முதலாளிக்குத் தெரியும். வீட்டுக்கு அந்தக் கடையில் பற்றுக் கணக்கும் இருக்கும். "பிள்ளைய அனுப்புங்க, பாத்துக் குடுப்பம்" என்பதோடு பேச்சு நிற்கும். மனத்தாங்கல் பின்னால் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மாத முடிவில் கிடைக்கும் தொகை மாணவர் நினைத்ததற்குப் பாதியாக இருக்கலாம். சில வேளை கூலியே கையில் வராமல், வீட்டுக் கொப்பியிலுள்ள கடனில் கழிக்கப்பட்டுவிடும். அப்பா பட்ட கடன் வேறு, பிள்ளை நின்று உழைத்த கூலி வேறு. இரண்டையும் ஒரே கொப்பியில் சேர்ப்பது நியாயமில்லை. ஊழியரின் சம்மதமில்லாமல் முதலாளி தன் விருப்பப்படி கூலியில் கழித்துக்கொள்ளச் சட்டமும் இடம் தருவதில்லை.

முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தால், கல்லாவில் ஆட்கள் சூழ நிற்கும்போது முதலாளி உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆறுதலாக யோசித்து ஒரு தொகை சொல்ல அவருக்கும் நேரம் கிடைக்கிறது. 17 வயதுள்ள மாணவி ஒருவர் எழுதினால் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய முதலாளி ஐயாவுக்கு,

வணக்கம். நான் உயர்தர வணிகப் பிரிவில் படிக்கிறேன். வயது 17. தங்கள் கடையில் வார இறுதி விற்பனைக்கு ஆள் தேவைப்பட்டால் வேலை செய்ய விரும்புகிறேன்.

சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்க முடியும். ஞாயிறு காலையில் எனக்கு வகுப்பு இருப்பதால் பகல் 1 மணிக்கு வந்து 5 மணி வரை நிற்பேன். சம்பள வாரத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் தவறாமல் வருவேன். தவணைப் பரீட்சை வாரங்களில் வர முடியாது. அதை இரண்டு வாரம் முன்பே தங்களிடம் சொல்லிவிடுவேன். நிறுத்துக் கொடுக்கவும் பில் எழுதவும் தெரியும். சிங்களத்தில் பேசும் வாடிக்கையாளர்களையும் கவனிப்பேன்.

சம்பள விபரத்தையும் தங்களிடம் கேட்டு அறிய விரும்புகிறேன். முழு நாளுக்கு எவ்வளவு, ஞாயிறு அரை நாளுக்கு எப்படிக் கணக்கு, வாரம் வாரம் தருவீர்களா மாத முடிவில் தருவீர்களா என்று தயவுசெய்து சொல்வீர்களா? தங்களுக்கு வசதியான நேரத்தில் அப்பாவுடன் வந்து பேசுகிறேன்.

இங்ஙனம்," என்று முடித்து, கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண்.

இதில் வயதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சாதாரண தரம் முடிக்காத 15 வயதுப் பிள்ளையை, பெற்றோர் சம்மதித்தாலும் கடையில் நிறுத்த முடியாது. 16 முடிந்து 18 ஆகாதவர்களுக்கு இரவு வேலையில் கட்டுப்பாடு உண்டு என்பதால், மாலை 6 மணியோடு நேரத்தை முடிப்பது இருவருக்கும் நல்லது. தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கவும் அதுவே தோதான நேரம்.

சம்பளப் பகுதியில் மாணவி தொகை எதையும் கோரவில்லை. கணக்கிடும் முறையைக் கேட்கிறார். பேரம் பேசுவதாக முதலாளிக்குத் தோன்றாது. ஆனாலும் "பாத்துக் குடுப்பம்" என்பதை அந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலாகச் சொல்ல முடியாது. கேட்பவருக்கோ குறைந்தபட்சத் தொகை எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் முதலில் நாளுக்கு 400 ரூபாய் என்று வைத்தது. 2025 இல் செய்த திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் அது மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய்.

மேலே சொன்ன நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். சனிக்கிழமை சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் போக 8 மணித்தியாலம். அது ஒரு முழு நாள், குறைந்தது 1,200 ரூபாய். ஞாயிறு 4 மணித்தியாலம். அரை நாளைப் பாதியாக எடுக்க இருவரும் ஒத்துக்கொண்டால் 600 ரூபாய். வாரத்துக்கு 1,800, நான்கு வாரத்துக்கு 7,200 ரூபாய். ஊழியர் சேமலாப நிதி தற்காலிக ஊழியருக்கும் உரியது. எனவே மாணவியின் பங்காக 8 சதவீதம், அதாவது 576 ரூபாய் போக, கையில் கிடைப்பது 6,624. முதலாளி தன் பங்காக 12 சதவீதம் 864 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் 216 ரூபாயும் கட்ட வேண்டும். சிறு கடைகளில் இந்தப் பகுதி விடுபட்டுப் போவது வழக்கம். மாணவர்களும் "கொஞ்ச நாள் வேலைதானே" என்று கேட்காமல் விடுகிறார்கள்.

கணக்கு பிசகும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, 6 மணிக்குக் கதவைச் சாத்திய பிறகு சரக்கு அடுக்குவதும் கல்லாக் கணக்கு முடிப்பதும். அந்த நேரமும் வேலை நேரம்தான். நாளுக்கு 8 மணித்தியாலத்தைத் தாண்டினால் கடைத் தொழிலில் ஒன்றரை மடங்கு கூலி. மற்றது, சனி, ஞாயிறில் போயா விழுவது. போயா நாளில் வேலை வாங்கினாலும் ஒன்றரை மடங்குதான். வந்த நேரமும் போன நேரமும் ஒரு சிறு கொப்பியில் எழுதி, வாரத்துக்கொரு முறை முதலாளியிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். பிறகு யாருக்கும் ஞாபகத்தைத் தேட வேண்டி வராது.

முதலாளி சம்மதித்தால் பதிலை வாய்மொழியாக விடாமல், வேலை, நேரம், நாட்கூலி, பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுதித் தரும்படி அதே மரியாதையோடு கேட்கலாம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலைக்குச் சேரும் நாளிலேயே இந்த விபரங்களை எழுத்தில் கொடுக்கும்படி முதலாளியைத்தான் கேட்கிறது. அவர் எழுதத் தயங்கினால், பேசிய விபரங்களை மாணவியே ஒரு தாளில் எழுதி, "நேற்று நீங்கள் சொன்னது இப்படித்தானே, ஐயா?" என்று கொண்டுபோய்க் காட்டலாம். அதில் முதலாளி திகதியிட்டுக் கையெழுத்து வைத்தால், பின்னர் தகராறு வந்து தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போக நேர்ந்தாலும், என்ன பேசப்பட்டது என்பதற்கு அந்தத் தாள் சாட்சியாக இருக்கும்.